காகம் போட்ட கல்லும் காலைக் கூட்டமும்

காலை 9 மணி 20 நிமிடம். வேப்பமரத்து நிழல் ஆறாம் வகுப்பு வரிசையோடு முடிந்துவிடும். ஏழாம் வகுப்பிலிருந்து பின்னால் நிற்பவர்களுக்கெல்லாம் வெயில்தான். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, கொடியேற்றம் முடிந்து, உறுதிமொழியும் முடிந்தாயிற்று. குறள் சொன்ன பையன் தப்பித்தோம் என்று தன் வரிசைக்கு ஓடுகிறான். அடுத்து ஒரு சிறுமி மைக்கின் முன்னால் வந்து நிற்கிறாள். மைக் அவள் நெற்றிக்கு நேராக இருக்கிறது. பி.டி. மாஸ்டர் வந்து அதைத் தாழ்த்துகிறார். 'கீ' என்று ஒரு சத்தம். நான்காக மடித்த நோட்டுத்தாளைப் பிரித்து, "இன்றைய சிந்தனை" என்று தொடங்குகிறாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னது இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை. தாளைப் பார்த்து ஒரே மூச்சில் படித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கை தட்டினார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருந்தேன். காலைக் கூட்டத்தின் பொறுப்பு பெரும்பாலும் தமிழாசிரியர் தலையில்தான் விழும். என் தலையில் அது 11 ஆண்டு இருந்தது. பிள்ளைகளுக்குச் சிந்தனை எழுதிக் கொடுத்து, எழுத வைத்து, சொதப்பி, திருத்தி, அதில் நான் கற்றுக்கொண்டதை ஒரே ஒரு கதையை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். காகம், பானை, கூழாங்கல்.

முதலில் நேரக் கணக்கு. தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. நாட்டுப்பண் 52 விநாடி. இந்த இரண்டுக்கும் நடுவில் உறுதிமொழி, குறளும் பொருளும், செய்திகள், பொது அறிவு, பிறந்தநாள் வாழ்த்து, தலைமையாசிரியரின் அறிவிப்பு எல்லாம் நுழைய வேண்டும். முதல் பாடவேளைக்கான மணி யாருக்காகவும் காத்திருக்காது. ஆக, சிந்தனைக்குக் கிடைப்பது நீதியோடு சேர்த்து ஒரு நிமிடம். அதற்கு மேல் போனால் வெயிலில் நிற்கிற பிள்ளை தன் நிழலைப் பார்க்கத் தொடங்கிவிடும். கடிகாரத்தை வைத்துப் பல முறை பார்த்திருக்கிறேன். பதற்றத்தில் பிள்ளைகள் நிமிடத்துக்கு 130 சொல் வரை படித்துத் தள்ளுவார்கள். மைதானத்தில் காதில் விழும்படி சொன்னால் 80 சொல்தான் வரும். எழுத வேண்டியது அந்த 80 சொல்.

அந்த 80 சொல் எங்கிருந்து வருகிறது? முன்பெல்லாம் நூலகத்தில் ஒரு பொன்மொழித் தொகுப்பு இருக்கும். அட்டை கிழிந்து, முதல் 20 பக்கம் அழுக்கேறி, மீதிப் பக்கங்கள் புதுக்கருக்கு அழியாமல் இருக்கும். இப்போது அப்பாவின் போன். காலை 8 மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்து விழுவது 9:20க்கு மைக்கில் ஏறிவிடுகிறது. அப்படி ஏறியவற்றில் என் கணக்குப்படி முதலிடம் கழுகுக்கு.

அந்தக் கழுகை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நாற்பது வயதில் அலகு வளைந்து, நகம் மழுங்கி, இறகு கனத்துப் போகுமாம். மலை உச்சிக்குப் போய்ப் பாறையில் அலகை மோதி உடைத்து, புது அலகு முளைத்ததும் பழைய நகங்களைப் பிடுங்கி, 150 நாள் தவமிருந்து, இன்னும் 30 ஆண்டு வாழுமாம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இதை அருமையாகச் சொன்னான். கைத்தட்டல் அடங்கும் முன்பே அறிவியல் டீச்சர் என் பக்கம் குனிந்து, "ஐயா, அலகில்லாம 150 நாள் அது எதைச் சாப்பிடும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கழுகின் அலகின் மேலுறையும் நம் நகமும் ஒரே பொருளால் ஆனவை, கெரட்டின். நகம்போல அது எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்கும், இரையைக் கிழிப்பதில் தேய்ந்துகொண்டே இருக்கும். மொத்தமாக உடைத்துக்கொண்ட பறவை பட்டினியில் செத்துப்போகும். இறகும் ஒரே நாளில் பிடுங்கி எறிவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து புதிதாக முளைக்கும். காட்டில் பெரிய கழுகுகளே 20, 30 ஆண்டு வாழ்ந்தால் நல்ல ஆயுள். நாற்பதில் மறுபிறவி எடுக்க அது அங்கே இருக்காது.

எடிசன் கடிதமும் இதே வகைதான். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை அம்மா மாற்றிப் படித்ததாகவும், அவர் இறந்த பிறகு எடிசன் அதைக் கண்டெடுத்து அழுததாகவும் ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. எடிசனே பிற்காலத்தில் சொன்னது வேறு. ஆசிரியர் தன்னைக் குழம்பிய மூளைக்காரன் என்று சொன்னதைத் தன் காதாலேயே கேட்டு, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா கோபத்தோடு பள்ளிக்கே போய்ச் சண்டை பிடித்து, மகனை நிறுத்தி, வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். மறைத்த அம்மாவைவிட, சண்டை பிடித்த அம்மாவைத்தான் எனக்குப் பிடிக்கிறது. ஒருவேளை அதனால்தான் பள்ளிக் கூட்டங்களில் அந்த அம்மாவை யாரும் சொல்வதில்லையோ என்னவோ!

இப்படிப்பட்ட கதை சொன்னால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்கலாம். நரி பேசுகிற கதையையும் சொல்கிறோமே. நரி பேசாது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதில் ஏமாற்று இல்லை. கழுகுக் கதை 'உண்மைச் செய்தி' என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. இரண்டாம் பாடவேளையில் அறிவியல் டீச்சர் கெரட்டின் பற்றி நடத்தும்போது, காலையில் சொன்ன ஐயா பொய் சொன்னாரா, இப்போது டீச்சர் பொய் சொல்கிறாரா என்று பிள்ளை குழம்பும். பொன்மொழிகளுக்கு அடியில் போடுகிற பெயரிலும் இதே வம்பு உண்டு. யார் சொன்னது என்று தெரியாத எல்லாவற்றுக்கும் அப்துல் கலாம் பெயரையோ விவேகானந்தர் பெயரையோ போட்டுவிடுகிறோம். எந்தப் புத்தகத்தில் என்று காட்ட முடிந்தால் பெயர் போடு, இல்லாவிட்டால் பெயரில்லாமல் சொல் என்று ஒரு விதி வைத்தேன். அறிவிப்புப் பலகையில் 'பொன்மொழி' என்ற தலைப்புக்குக் கீழே பெயரில்லாத வாக்கியங்கள் நிறைய வரத் தொடங்கின. தலைமையாசிரியருக்கு அது வெறிச்சென்று இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

சரி, காகத்துக்கு வருவோம்.

ஏழாம் வகுப்புக்கு முறை வந்த வாரத்தில், அந்த வகுப்பு மாணவி ஒருத்தி காகக் கதையை எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கம். ஒரே வாக்கியத்தில் காகம் தாகத்தோடு பறந்து, காடு மேடெல்லாம் அலைந்து, பானையைக் கண்டு, எட்டிப் பார்த்து, வருந்தி, யோசித்து, கல்லைப் பொறுக்கி, போட்டு, குடித்து, மகிழ்ந்து பறந்தது. நீதி: முயன்றால் எதுவும் முடியும்.

"ஏம்மா, இந்த நீதியை ஆமை முயல் கதைக்குப் போட்டா பொருந்துமா?"

"பொருந்தும்யா."

"சிலந்தி வலை பின்ன கதைக்கு?"

"அதுக்கும் பொருந்தும்."

"அப்ப இது காக்காவோட நீதி இல்லையே."

நான் பிள்ளைகளுக்கு வைத்திருந்த சோதனை அவ்வளவுதான். நீதியைக் கழற்றி வேறொரு கதையில் மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் அளவாகப் பொருந்தினால், அது எந்தக் கதையிலிருந்தும் வந்ததில்லை. ஏற்கெனவே மனப்பாடமாக இருந்தது. காகக் கதைக்கு என்று ஒரு நீதி வேண்டுமானால் காகம் செய்த வேலைக்குள் போக வேண்டும். கல் போட்டால் தண்ணீர் ஏன் ஏறுகிறது? எப்போதும் ஏறுமா? அவளுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்று சரியாகத் தெரியாது. இருவரும் அறிவியல் டீச்சரிடம் போனோம்.

டீச்சர் சோதனைக் கூடத்திலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளரும் அளவு ஜாடியும் எடுத்துவந்தார். டம்ளர் ஒவ்வொன்றும் 300 மில்லி பிடிக்கும். மைதானத்து ஓரத்தில் புதுக் கட்டடத்துக்கு ஜல்லி கொட்டிக் கிடந்தது. அது வேண்டாம், கூர்முனை கண்ணாடியைக் கீறும் என்று சொல்லிவிட்டார். தோட்டத்துப் பாத்தி ஓரத்தில் அடுக்கியிருந்த கூழாங்கற்களைக் கழுவிக் கொண்டுவந்தோம். ஒரு டம்ளரில் பாதி, 150 மில்லி தண்ணீர். மற்றதில் கால் பங்கு, 75 மில்லி. அந்த மாணவி ஒவ்வொரு கல்லாக இறக்கினாள்.

பாதி இருந்த டம்ளரில் கதை அப்படியே நடந்தது. கற்கள் விளிம்பை எட்ட ஒரு விரற்கடை இருக்கும்போதே தண்ணீர் விளிம்பைத் தொட்டு வழிந்தது. கால் பங்கு டம்ளரில் தண்ணீர் பாதியைத் தாண்டிச் சற்று மேலே வரை ஏறியது. பிறகு கல் மேலே போய்க்கொண்டே இருந்தது, தண்ணீர் அங்கேயே நின்றுவிட்டது. கடைசியில் டம்ளர் நிறையக் கல். தண்ணீர் கற்களுக்கு நடுவில் எங்கேயோ கீழே. காகத்தின் அலகு உள்ளே நுழையக்கூட இடமில்லை.

அவள் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தண்ணி எங்க டீச்சர் போச்சு?" என்றாள்.

டீச்சர் இன்னொரு டம்ளரில் தண்ணீரே இல்லாமல் விளிம்பு வரை கல்லை நிரப்பி, அளவு ஜாடியிலிருந்து தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொன்னார். விளிம்பு வர 128 மில்லி பிடித்தது. நிரம்பிய டம்ளர் என்று நாம் நினைத்ததில் பத்தில் நாலு பங்குக்கு மேல் வெறும் இடைவெளி! கல்லும் கல்லும் எப்படி அடுக்கினாலும் இடுக்கு இருக்கும். முதலில் அந்த இடுக்குகள் நிரம்ப வேண்டும். அதற்கு மேல் இருக்கிற தண்ணீர்தான் கல்லுக்கு மேலே வரும். 150 மில்லி இருந்தால் 128ஐ நிரப்பிவிட்டு மிச்சம் இருக்கிறது. 75 மில்லி இருந்தால் இடுக்குக்கே போதாது. ஆக, பானையில் ஏறத்தாழ பாதி தண்ணீராவது இல்லாவிட்டால், எந்தக் காகம் எத்தனை கல் போட்டாலும் பானை வாய்க்குத் தண்ணீர் வராது. செங்கல் துண்டைப் போட்டால் இன்னும் மோசம். அது தண்ணீரைத் தானே குடித்துவிடும்.

அளவும் ஒரு சிக்கல். வீட்டுப் பானை ஒன்று 5 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி தண்ணீர். விளிம்புக்குக் கொண்டுவர இரண்டரை லிட்டர் கனமுள்ள கல் உள்ளே போக வேண்டும். காகம் அலகில் தூக்குகிற கல் 10 கிராம் என்றால், அதன் கன அளவு 4 மில்லிதான். 600 கல்லுக்கு மேல். கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டதும் அந்த மாணவி, "அதுக்குள்ள காக்கா தாகத்துலயே செத்துப்போயிரும்ங்கய்யா" என்றாள். கதையில் வந்தது பானை அன்று, ஏதோ சின்னச் சொம்பாகத்தான் இருக்க வேண்டும் என்று மூவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

கதையையே தள்ளிவிடலாமா என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. நல்லவேளை, தள்ளவில்லை. ஈசாப் பெயரில் வழங்குகிற இந்தக் கதையைப் போன்ற ஒரு செய்தியை முதல் நூற்றாண்டிலேயே ரோம் நாட்டுப் பிளினி எழுதி வைத்திருக்கிறார். 2009இல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் பேர்ட், நேதன் எமரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். நம் ஊர்க் காகத்தின் உறவான ரூக் என்ற பறவைகள் நான்கு. ஒல்லியான கண்ணாடிக் குழாயில் தண்ணீர், அதன் மேல் எட்டாத ஆழத்தில் மிதக்கிற ஒரு புழு. பக்கத்தில் கற்கள். நான்கு பறவைகளும் கல்லைப் போட்டு மட்டத்தை ஏற்றிப் புழுவை எடுத்துவிட்டன. இரண்டு பறவைகளுக்கு முதல் தடவையே போதுமானதாக இருந்தது. சின்னக் கல்லும் பெரிய கல்லும் வைத்தபோது பெரிய கல்லையே தேர்ந்தெடுத்தன. தண்ணீருக்குப் பதில் மரத்தூள் நிரப்பிய குழாயில் கல் போட்டுப் பயனில்லை என்பதையும் கற்றுக்கொண்டன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு கல் போட்டதும் பாய்ந்து அலகை விட்டுப் பார்ப்பதில்லையாம். தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, ஏறத்தாழ அதற்கு வேண்டிய கற்களைப் போட்ட பிறகே புழுவுக்குப் போயின. பார்த்துவிட்டுப் போடுகிற பறவை! இரண்டு பக்கக் கதையில் ஒரு சொல்லாக, 'எட்டிப் பார்த்து' என்று நாம் தாண்டிப் போன இடம்தான் இந்தக் கதையின் உயிர். நீதி அங்கே இருந்தது.

இனி எழுதுவது. தமிழில் மைக் முன்னால் பேசுவதற்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதை எந்தப் பொன்மொழிப் புத்தகமும் சொல்வதில்லை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. உண்டா இல்லையா, செய்யலாமா கூடாதா என்பதெல்லாம் கடைசிச் சொல்லில்தான். பிள்ளைக்கு மூச்சு தீர்வதும் அந்தக் கடைசிச் சொல்லில்தான். ஒரு முறை பத்தாம் வகுப்பு மாணவன் எழுதியிருந்த வாக்கியம் இது: "தேர்வில் பார்த்து எழுதுவது தவறு இல்லை என்று நினைப்பவர்கள் ஒருநாளும் வாழ்க்கையில் முன்னேற மாட்டார்கள்." எழுத்தில் ஒரு குறையும் இல்லை. 'தவறு இல்லை' வரை கணீரென்று சொன்னான். மீதி மூச்சோடு போய்விட்டது. பின்வரிசையில் விசில் பறந்தது. வாழ்நாளில் அவனுக்குக் கிடைத்த மிகப் பெரிய கைத்தட்டல் அதுவாகத்தான் இருக்கும்.

இதில் எதிரொலியும் சேர்ந்துகொள்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மைதானத்தின் எதிர்ப்பக்கக் கட்டடம் 50 மீட்டரில் இருந்தால், போன சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிவர 0.3 விநாடி. கிட்டத்தட்ட ஒரு சின்னச் சொல்லின் நேரம். வேகமாகப் படித்தால், இப்போது சொல்கிற சொல்லின் மேல் முன்னால் சொன்ன சொல் வந்து ஏறிக்கொள்ளும். ழகரம், ளகரம் எல்லாம் அதில் கரைந்தே போகும். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் வாயை மூடி ஒரு மூச்சு எடுத்தால் எதிரொலி வந்து அடங்கிவிடும். அதற்கு வாக்கியம் குட்டையாக இருக்க வேண்டும். வந்து, பார்த்து, எடுத்து, போட்டு என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால் மூச்சு விட இடமே இராது. ஆறேழு சொல், முற்றுவினை, நிறுத்து. அடுத்த வாக்கியம்.

காலையில் எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற உறுதிமொழியைக் கவனித்துப் பாருங்கள். விசாகப்பட்டினத்தில் அரசு அலுவலராக இருந்த பைடிமரி வெங்கட சுப்பாராவ் 1962இல் தெலுங்கில் எழுதியது அது. தமிழில் சொல்லும்போதும் குட்டைக் குட்டை வாக்கியங்களாகத்தான் இருக்கிறது. ஒருவர் சொல்ல, 500 பேர் திருப்பிச் சொல்ல முடிகிறது. எச்சங்களால் கோத்த நீள வாக்கியமாக அதை யாராவது மாற்றிவைத்திருந்தால் பாதிப் பள்ளி நடுவிலேயே கழன்றுகொண்டிருக்கும்.

அந்த மாணவியோடு மூன்று நாள் மாலையில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் ஒரு பக்கமாயிற்று, பிறகு அரைப் பக்கம். கேம்பிரிட்ஜ் பறவைகளைச் சேர்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். "அது வேற கதைங்கய்யா" என்று அவளே வெட்டிவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி. ஒரு நிமிடத்தில் ஒரு பொருளுக்குத்தான் இடம். கடைசியில் நின்றது இது:

"எல்லோருக்கும் வணக்கம். இன்றைய சிந்தனை.

என் கையில் இரண்டு டம்ளர் இருக்கிறது. நேற்று ஒன்றில் பாதி தண்ணீர் ஊற்றினேன். மற்றதில் கால் பங்கு ஊற்றினேன். இரண்டிலும் கல் போட்டேன். பாதி இருந்த டம்ளரில் தண்ணீர் மேலே வந்தது. கால் பங்கு டம்ளரில் கல்தான் மேலே வந்தது. தண்ணீர் வரவில்லை.

கதையில் வந்த காகம் நிறைய உழைத்தது. அதற்கு முன்னால் ஒரு வேலை செய்தது. பானைக்குள் எட்டிப் பார்த்தது. தண்ணீர் போதும் என்று தெரிந்த பிறகுதான் கல் தேடியது.

நீதி: கல் தேடும் முன் பானைக்குள் பார்.

நன்றி."

நீதி ஐந்து சொல். அதற்கு மேல் நீண்டால் அது இன்னொரு சிந்தனை. கரும்பலகையில் ஒரே வரியில் அடங்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். எங்கள் பள்ளியில் நுழைவாயில் பலகையின் இடப்பக்கத்தில் அன்றைய வருகைக் கணக்கு இருக்கும், வலப்பக்கத்தில் குறள் இருக்கும். சிந்தனைக்குக் கிடைப்பது கீழே ஒரு சாண் இடம்தான்.

சொல்கிற நாளுக்கு முந்தைய மாலை ஒத்திகை. தாள் கையில் இருக்கக் கூடாது. தாள் இருந்தால் கண் அதில்தான் நிற்கும், முகம் குனியும், குரல் மண்ணுக்குப் போகும். மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. மைக்கைக் கையில் பிடித்துத் தட்டிப் பார்க்கிற பழக்கத்தை எத்தனை சொல்லியும் என்னால் நிறுத்த முடிந்ததில்லை. நான் கொடிக்கம்பத்தில் இருந்து 40 அடி தள்ளி, கடைசி வரிசை நிற்கிற இடத்தில் நின்றேன். அவள் மைக் இல்லாமல் சொன்னாள். எந்த வாக்கியத்தின் கடைசிச் சொல் எனக்குக் கேட்கவில்லையோ, அங்கே கை தூக்கினேன். முதல் தடவை ஏழு முறை தூக்கினேன். நான்காம் தடவை ஒரு முறைதான், அதுவும் 'வரவில்லை'யில். "அந்த ஒரு சொல்தாம்மா உன் மொத்தச் சிந்தனையும். அதை மட்டும் தனியா, நிறுத்திச் சொல்லு" என்றேன்.

மறுநாள் கூட்டத்துக்குத் தலைமையாசிரியர் வழக்கம்போல நாற்காலியைப் பின்னால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு டம்ளரையும் மேசையில் வைத்தாள். ஏதோ வேடிக்கை என்று முன்வரிசைக் குட்டிகள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்துப் பின்வரிசையும் எட்டிப் பார்த்தது. 'தண்ணீர் வரவில்லை' என்று சொல்லிவிட்டுக் கால் பங்கு டம்ளரைத் தலைகீழாகச் சாய்த்துக் காட்டினாள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்லெல்லாம் மேசையில் கொட்டியது, கூடவே கொஞ்சம் தண்ணீரும் வருகைப் பதிவேட்டின் மேல். சிரிப்பு. ஆனால் நீதியைச் சொன்னபோது மைதானத்தில் சத்தமில்லை.

கூட்டம் கலைந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "என்னய்யா, முயற்சியே பண்ணாதேன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு? கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்கு இதையா சொல்றது?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முயன்றால் முடியும் என்பதைச் சில பிள்ளைகளுக்குப் பள்ளியைத் தவிர வேறு யாரும் சொல்வதில்லை. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. டம்ளர்களை எடுக்க வந்த அந்த மாணவிதான் சொன்னாள்: "இல்ல சார், தண்ணி கம்மியா இருந்தா வேற பானைக்குப் போலாம்ல சார்? அங்கயே கல்லு போட்டுட்டு இருந்தா நேரம் போயிரும்ல?"

தலைமையாசிரியர் ஈரமான பதிவேட்டை உதறிக்கொண்டே உள்ளே போனார். அந்த வாரம் முழுக்கப் பலகையில் அந்த வரியை அழிக்க விடவில்லை.

அன்று மத்தியானம் சத்துணவு இடைவேளையில் டம்ளர் கிடைக்காதவர்கள் தண்ணீர் பாட்டிலில் கல் போட்டார்கள். சிலர் அதோடு நில்லாமல் கைகழுவுகிற தொட்டியிலும் போட்டார்கள். மாலையில் இரவுக் காவலர் தொட்டியிலிருந்து கல் வாரிப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இது வினையாகப் போகும் என்று தெரிந்து, மறுநாள் சிந்தனைக்கு முன்னால் நானே மைக்கைப் பிடித்து, தொட்டியில் போடாதீர்கள் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. 'போடாதீர்கள்' கடைசி வரிசைக்குக் கேட்டதா என்று கையைத் தூக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வாரம் முறை வந்து, காகக் கதையைத்தான் சொல்வேன் என்று அடம்பிடித்தால், முந்தைய நாளே ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டுப் பார்க்க விடுங்கள். கல்லை நன்றாகக் கழுவிவிட்டுப் போடச் சொல்லுங்கள். மண் ஒட்டியிருந்தால் தண்ணீர் கலங்கி, மட்டம் எங்கே நின்றது என்று தெரியாது.